தேர்ச்சி பெற்ற jkpo;

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய ஓர் ஊர்ச்சங்கத்தின் ஆண்டு மலர் என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்துக்குப் போன கையோடு பிடிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து வேறொரு கணினியில் அதைத் திறந்தால் அட்டைப்படம் வருகிறது, உள்ளே புகைப்படங்களும் வருகின்றன. கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரிவரியாக ஏதோ ஓடுகிறது. நடுவே jkpo; என்று ஒரு சொல். பாமினி விசைப்பலகை பழகியவர் அதைச் சட்டென்று ‘தமிழ்’ என்று படித்துவிடுவார். மற்றவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று மூடிவிடுவார்கள்.

கோப்பு கெடவில்லை, அதில் ஒரு பைட்கூட மாறவில்லை. பிடிஎஃப் பக்கத்துக்குள் ‘தமிழ்’ என்ற சொல் ஒருநாளும் இருந்ததே கிடையாது. 106, 107, 112, 111, 59 என்று ஐந்து எண்களும், ‘இவற்றுக்குரிய உருவங்களைப் பாமினியிலிருந்து எடுத்து இன்ன இடத்தில் வரை’ என்ற கட்டளையும்தான் இருந்தன. பாமினி நிறுவப்பட்ட கணினியில் 106 என்பது ‘த’ ஆக வரும். அந்த எழுத்துரு இல்லாத கணினி, கைக்குக் கிடைத்த வேறொன்றை எடுத்து வரையும். அதில் 106 என்பது j. மலரைத் தயாரித்தவர் பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவையும் கோப்புக்குள் வைக்கும் தேர்வைப் போடவில்லை. அன்றைக்கு அது தேவையாகவும் தோன்றியிருக்காது. கோப்பின் அளவு குறையும், அச்சகத்துக் கணினியில் பாமினி எப்படியும் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்காகவே ஏற்பட்டதுதான் பிடிஎஃப்-ஏ என்ற ஆவண வடிவம். அமெரிக்க நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகம் போன்ற, பல தலைமுறைக்குக் கோப்புகளை வைத்திருக்க வேண்டிய அமைப்புகளின் முனைப்பில் வேலை தொடங்கி, 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வெளிவந்தது. இது புதிய கோப்பு வகை அல்ல. பின்னொட்டும் அதே .pdf தான், எந்த வாசிப்பு மென்பொருளிலும் திறக்கும். வழக்கமான பிடிஎஃப்பில் அனுமதிக்கப்பட்டவற்றில் சிலவற்றைத் தடைசெய்து, விருப்பமாக இருந்த சிலவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ தெரியாது என்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் போன்றது இது. பக்கத்தை வரையத் தேவையான அனைத்தும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுத்துரு உள்ளே இருக்க வேண்டும். நிறத்தின் பொருள் உள்ளே இருக்க வேண்டும். கடவுச்சொல் பூட்டு கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, ஒலியும் காணொளியும் கூடாது.

தரத்துக்குப் பல பகுதிகள் உண்டு. 2005-இல் வந்த முதல் பகுதி பழைய பிடிஎஃப் 1.4-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஒளிபுகும் நிழல், மெல்லிய வண்ணப்பூச்சு போன்றவற்றை அது ஏற்காது. 2011-இல் வந்த இரண்டாம் பகுதி அவற்றை ஏற்றுக்கொண்டது. மூன்றாம் பகுதி எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக உள்ளே வைக்க விடுகிறது. 2020-இல் நான்காம் பகுதியும் வந்துவிட்டது. முதல் மூன்று பகுதிகளில், பகுதி எண்ணை அடுத்து வரும் ஆங்கில எழுத்து எவ்வளவு கடுமை என்பதைச் சொல்கிறது. b என்றால் பக்கம் பார்வைக்கு மாறாமல் இருந்தால் போதும். u என்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு மதிப்பும் தெரிய வேண்டும். a என்றால் அதற்கும் மேலே தலைப்பு, பத்தி என்ற கட்டமைப்பும் வேண்டும். பழைய கோப்புகளை மாற்றுகிறவருக்கு 2b தான் பொருத்தம் என்பது என் கருத்து. முதல் பகுதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள், நிழல் விழுந்த ஒரு தலைப்புக்காகப் பக்கம் முழுவதையும் படமாக்கிவிடுகிற மென்பொருள்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் மலருக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கோப்புக்குள் எழுத்துரு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாப்ளர் தொகுப்போடு வரும் pdffonts என்ற சிறு கருவி அதைச் சொல்லிவிடும்:

```
$ pdffonts malar.pdf
name      type       encoding   emb sub uni object ID
--------- ---------- ---------- --- --- --- ---------
Bamini    TrueType   WinAnsi    no  no  no      12  0
```

emb என்ற பத்தியின் கீழே no என்று இருப்பதுதான் நோயின் பெயர். எழுத்துரு உட்பொதியவில்லை. uni பத்தியில் உள்ள no, எண்ணிலிருந்து யூனிகோடுக்குப் போகும் அட்டவணையும் இல்லை என்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

அடுத்தது சோதனை. இதற்கு இன்று பெரும்பாலோர் நம்புவது வெராபிடிஎஃப் என்ற திறமூல மென்பொருளை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், டிஜிட்டல் ஆவணப் பாதுகாப்பு அமைப்புகளும் பிடிஎஃப் சங்கமும் சேர்ந்து உருவாக்கி, 2017-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். தரத்தில் வாக்கியங்களாக இருக்கும் விதிகளை ஒவ்வொன்றாகக் கணினி சோதிக்கக்கூடிய நிபந்தனைகளாக எழுதி, கோப்பின் ஒவ்வொரு பொருளின் மேலும் ஓட்டிப் பார்க்கிறது.

```
verapdf -f 2b malar.pdf > arikkai.xml
```

அறிக்கையைத் திறந்ததும் isCompliant="false" என்று இருக்கும். அதை எதிர்பார்த்ததுதான். புதிதாகப் பார்க்கிறவரை மிரட்டுவது அதற்குக் கீழே வரும் எண்கள். failedChecks என்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் ஓர் எண் நிற்கும். அதைவிட்டுப் பக்கத்தில் உள்ள failedRules என்பதைப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். நிறத்தைப் பற்றிய ஒரே ஒரு விதி மீறப்பட்டிருந்தாலும், பக்கத்தில் அந்த நிறம் பயன்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தோல்வி என்று கணக்காகும். ஒன்றைச் சரிசெய்தால் ஆயிரமும் ஒன்றாய்ப் போய்விடும்.

நம் மலரில் விழும் விதிகள் மூன்று வகை. 6.2.11.4.1 என்பது எழுத்துரு உள்ளே இல்லை என்கிறது. 6.2.4.3 என்பது நிறம். ‘சிவப்பு 1, பச்சை 0, நீலம் 0’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இந்தத் திரையின் சிவப்பா, அந்த அச்சு இயந்திரத்தின் சிவப்பா என்று தெரியாது. எந்த அளவுகோலில் அளந்த சிவப்பு என்பதைச் சொல்லும் ஐசிசி நிற விவரக்கோப்பு ஒன்றை உள்ளே வைக்கச் சொல்கிறது விதி. மலரின் அட்டை அச்சுக்காக நான்கு மை நிறங்களில் பிரித்துச் செய்ததாக இருந்தால், திரைக்கான விவரக்கோப்பை வைத்தால் மட்டும் தீராது. நிறங்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், அல்லது நான்கு மைக்கான விவரக்கோப்பை வைக்க வேண்டும். மூன்றாவது வகை 6.6 என்று தொடங்கும் விதிகள். கோப்பு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்க வேண்டிய எக்ஸ்எம்பி குறிப்பும், தான் எந்தப் பகுதி, எந்த நிலை என்ற அறிவிப்பும் இல்லை என்று அவை சொல்கின்றன.

இந்த அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது வெறும் இரண்டு வரி:

```
<pdfaid:part>2</pdfaid:part>
<pdfaid:conformance>B</pdfaid:conformance>
```

யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பிலும் இதை எழுதிவிடலாம். அக்ரோபேட் இப்படி ஒரு கோப்பைத் திறந்ததும் மேலே ஒரு பட்டையைக் காட்டும். இந்தக் கோப்பு பிடிஎஃப்-ஏ தரத்துக்கு உட்பட்டதாகச் சொல்லிக்கொள்கிறது என்பதே அதன் பொருள். சொல்லிக்கொள்கிறது, அவ்வளவே. பட்டையைப் பார்த்தே ‘சரிதான், ஆகிவிட்டது’ என்று கோப்பை வாங்கி வைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன.

இனி மாற்றம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பழைய, இலவசமான மென்பொருள் போதும்:

```
gs -dPDFA=2 -dBATCH -dNOPAUSE -sDEVICE=pdfwrite \
   -sColorConversionStrategy=RGB \
   -dPDFACompatibilityPolicy=1 \
   --permit-file-read=srgb.icc \
   -sOutputFile=malar-a.pdf PDFA_def.ps malar.pdf
```

இதில் PDFA_def.ps என்பது கோஸ்ட்ஸ்கிரிப்ட்டோடு வரும் மாதிரிக் கோப்பு. அதைப் படியெடுத்து, ஐசிசி விவரக்கோப்பு இருக்கும் இடத்தையும் ஆவணத்தின் தலைப்பையும் நம் கையால் திருத்த வேண்டும். தலைப்பைத் திருத்த மறந்தால் மாதிரியில் இருக்கும் Title என்ற சொல்லே மலரின் தலைப்பாகப் பதிந்துவிடும். சோதனைக் கருவிக்கு அதில் ஓர் ஆட்சேபமும் இராது. permit-file-read வரி ஏனென்றால், 9.50 பதிப்பிலிருந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் தன்னிச்சையாக வேறு கோப்புகளைத் திறக்க மறுக்கிறது. பழைய குறிப்புகளைப் பார்த்துக் கட்டளையைத் தட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

PDFACompatibilityPolicy என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தரத்துக்கு ஒவ்வாத ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்ற கொள்கை அது. 0 என்றால் ஒவ்வாததை அப்படியே வைத்துவிடும், ஆனால் கோப்பு பிடிஎஃப்-ஏ ஆகாது. 1 என்றால் ஒவ்வாததைக் கழற்றிவிட்டுத் தொடரும். 2 என்றால் வேலையையே நிறுத்திவிடும். எல்லோரும் 1 போடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் தேர்ச்சி தரும். எதைக் கழற்றியது என்பது திரையில் ஓடும் எச்சரிக்கைகளில் மட்டுமே இருக்கும். முதலில் ஒருமுறை 2 போட்டு ஓட்டி, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இழப்பதற்கு மனம் ஒப்பினால் 1 போடுவதே என் பரிந்துரை.

கட்டளை ஓடி முடிந்தது. வெராபிடிஎஃப்பில் மறுபடி சோதித்தால் isCompliant="true" என்று வரக்கூடும். எழுத்துரு உள்ளே இருக்கிறது, நிற விவரம் இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் jkpo;.

நடந்தது இதுதான். கோஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருவை உட்பொதிக்க வேண்டும். பாமினி கோப்பிலும் இல்லை, கணினியிலும் இல்லை. எனவே தன்னிடம் உள்ள ஹெல்வெடிகா வகை எழுத்துருவை எடுத்து, அதை மிக ஒழுங்காக உள்ளே வைத்துவிட்டது. ‘எழுத்துரு உள்ளே இருக்க வேண்டும்’ என்ற விதி நிறைவேறிவிட்டது. ‘இதே எழுத்துருதான் இருக்க வேண்டும்’ என்று சோதிக்கக் கருவியிடம் ஆதாரம் ஏதுமில்லை, ஏனென்றால் பழைய கோப்பை அது பார்ப்பதே இல்லை. கொடுத்த கோப்பை மட்டுமே எடைபோடுகிறது. இன்னும் மோசம் என்னவென்றால், முன்பு பாமினி உள்ள கணினியிலாவது மலர் சரியாகத் தெரிந்தது. இப்போது எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் jkpo; மாறாமல் தெரியும்.

ஒரே ஒரு விதி இதைச் சில சமயம் பிடித்துக்கொடுக்கும். 6.2.11.5 என்ற விதிப்படி, ஒவ்வோர் எழுத்தின் அகலமாகக் கோப்பில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் எழுத்துருவின் உண்மையான அகலமும் ஒத்துப்போக வேண்டும். பாமினியின் ‘த’வும் ஹெல்வெடிகாவின் j-யும் ஒரே அகலமாக இருக்க வாய்ப்பில்லை. மாற்றுகிற மென்பொருள் பழைய அகலங்களைத் திருத்தாமல் விட்டிருந்தால் இங்கே தோல்வி விழும். எனவே அகல விதியில் அடிபட்ட அறிக்கையைப் பார்த்தால், முதலில் எழுத்துரு மாறிப்போயிருக்கிறதா என்று சந்தேகிப்பது நல்லது. ஆனால் மென்பொருள் புத்திசாலித்தனமாக அகலங்களையும் மாற்றி எழுதிவிட்டால் அந்தத் தடயமும் அழிந்துவிடும்.

நம்பத்தக்க தடயம் மாற்றும்போது திரையில் ஓடிய செய்திகளில்தான் இருக்கிறது. பதிப்புக்கேற்பச் சொற்கள் மாறலாம், ஆனால் அங்கே இதைப் போன்ற ஒரு வரி கடந்து போயிருக்கும்:

```
Substituting font Helvetica for Bamini.
```

நூறு கோப்புகளை ஒன்றாக ஓட்டுகிறவர்கள் திரை நிரம்புகிறதே என்று -q போட்டு இந்தச் செய்திகளை அடக்கிவிடுவார்கள். அடக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் விழவைத்து, Substituting என்பது போன்ற சொல்லைத் தேட வேண்டும். அந்தச் சொல் உள்ள எந்தக் கோப்பும், தேர்ச்சி பெற்றிருந்தாலும், தனியே ஒதுக்கிவைக்கப்பட வேண்டும்.

மருந்து எளிது, கிடைத்தால். பாமினியின் எழுத்துருக் கோப்பைத் தேடிப் பிடித்து ஓர் அடைவில் போட்டு, கட்டளையில் -sFONTPATH= என்று அந்த அடைவைக் காட்ட வேண்டும். இங்கே பெயர் விளையாடும். Bamini என்றும் Baamini என்றும் இரண்டு வகையாக எழுதிய எழுத்துருக்கள் உலவுகின்றன. பிடிஎஃப்பில் ஒரு பெயரும் எழுத்துருக் கோப்பில் வேறு பெயரும் இருந்தால், பக்கத்திலேயே மருந்து இருந்தும் மென்பொருள் அதைத் தொடாது, மறுபடி ஹெல்வெடிகாவுக்கே போகும். கிடைத்த எழுத்துரு சரியான பதிப்புதானா என்பதை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். கிரந்த எழுத்துகள், ‘ஔ’, நிறுத்தற்குறிகள் வரும் பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் வேறுபாடு சீக்கிரம் சிக்கும். எழுத்துருவைச் செய்தவர் உட்பொதிக்கும் உரிமை தந்திருக்கிறாரா என்பதும் தரத்தின்படி கேட்க வேண்டிய கேள்வி. உரிமை விவரமே இல்லாமல் கைமாறிக் கைமாறி வந்த எழுத்துருக்கள் நம்மிடம் ஏராளம் என்பதால், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

சரியான பாமினி உள்ளே போயிற்று. பக்கம் தமிழில் தெரிகிறது, சோதனையிலும் தேர்ச்சி. 2b என்ற நிலை வாக்களித்தது இவ்வளவுதான்: பார்வைக்கு மாறாமல் இருக்கும். ஆனால் கோப்பில் ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் மறுபடி jkpo; தான். உள்ளே இருப்பது இன்னமும் அதே ஐந்து எண்கள்.

இதற்கென்றுதானே u என்ற நிலை இருக்கிறது என்று தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு மதிப்பு வேண்டும் என்கிறது அது. ஆனால் பாமினி, கணினியின் கண்ணில் ஓர் ஆங்கில எழுத்துரு. 106-க்கு யூனிகோடு மதிப்பு கேட்டால் j என்ற எழுத்தின் மதிப்பைத் தயங்காமல் தரும். மதிப்பு இருக்கிறது, செல்லத்தக்க மதிப்பு, விதி மீறப்படவில்லை. அது தவறான மதிப்பு என்று கண்டுபிடிக்க, வரையப்பட்ட உருவத்தைப் பார்த்து ‘இது த’ என்று சொல்லத் தெரிய வேண்டும். சோதனைக் கருவி எழுத்துகளைப் பார்ப்பதில்லை, அட்டவணைகளைப் பார்க்கிறது.

பாமினியை ஒழித்து யூனிகோடு எழுத்துருவுக்கு வந்துவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ‘மொழி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ம-வுக்குப் பிறகே ஒகரக் குறி வரும். பக்கத்தில் வரையும்போது அது இரண்டாகப் பிரிந்து, கொம்பு ம-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கும். பிடிஎஃப் வரையும் வரிசையில்தான் எழுதி வைக்கிறது: கொம்பு, ம, கால், ழி. ஒவ்வோர் உருவத்துக்கும் யூனிகோடு மதிப்பு சரியாக இருக்கிறது. வரிசைதான் தப்பு. எனவே படியெடுத்தால் கொம்பு முதலில் வந்து ‘ெமாழி’ என்று உடைந்து வரும், தேடினால் அகப்படாது. u நிலையின் விதிகளில் இதற்குத் தடையேதும் இல்லை. பிடிஎஃப்பில் ActualText என்றொரு வசதி உண்டு. இந்த நான்கு உருவங்களும் சேர்ந்து குறிப்பது இந்தச் சொல் என்று கூடவே எழுதி வைக்கலாம். ஆவணத்தை முதலில் உருவாக்கும் மென்பொருள்தான் அதைச் செய்ய வேண்டும். சீடெக்கில் \XeTeXgenerateactualtext=1 என்று ஒரு வரி சேர்த்தால் எழுதிவிடும். பின்னால் வரும் மாற்றிக்கு மூலச்சொல் என்னவென்று தெரியாது.

அப்படியானால் மலரைத் தேடக்கூடியதாக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. பக்கங்களைப் படமாக்கி, எழுத்துணரி கொண்டு படித்து, படித்த யூனிகோடு உரையைப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அடுக்காக வைப்பது. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற மென்பொருள் இதைச் செய்து, கேட்காமலே 2b வடிவில் தருகிறது:

```
ocrmypdf -l tam --force-ocr malar-a.pdf malar-thedal.pdf
```

வரையப்படாத உரைக்கு எழுத்துருவை உட்பொதிக்க வேண்டியதில்லை என்று தரமே விலக்களிக்கிறது. ஆனாலும் pdffonts-இல் பார்த்தால் GlyphLessFont என்ற ஒன்று தென்படும். உருவமே இல்லாத எழுத்துரு. கண்ணுக்குத் தெரியாத உரையைத் தாங்குவதற்கென்றே செய்தது.

இதற்கு விலை உண்டு. --force-ocr போட்டதால் கூர்மையான எழுத்துக்கோடுகள் புள்ளிப்படங்களாகிவிட்டன, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். எழுத்துணரி ‘ன’வையும் ‘ள’வையும், புள்ளியையும் அழுக்கையும் குழப்பிக்கொள்ளும், பழைய அச்சில் பெயர்ச்சொற்கள்தான் அதிகம் அடிபடும், தேடுகிறவரோ பெரும்பாலும் பெயரைத்தான் தேடுவார். அதனால் இதை மூலத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது, தேடுவதற்கான துணைப்பிரதியாக வைக்கலாம். பாமினி குறியீட்டை யூனிகோடாக மாற்றும் மாற்றிகள் நெடுநாளாகவே இருக்கின்றன. அவற்றில் மலரின் உரையை ஓட்டிப் பிழை திருத்தினால் எழுத்துணரி தருவதைவிடச் சுத்தமான உரை கிடைக்கும். மூன்றாம் பகுதியின் வடிவில், அதாவது 3b-ஆக மாற்றினால், அந்த உரைக் கோப்பையும் திருத்தப்படாத பழைய பிடிஎஃப்பையும் இணைப்புகளாக ஒரே கோப்புக்குள் வைக்கலாம். இரண்டாம் பகுதி இணைப்பாக ஏற்பது பிடிஎஃப்-ஏ கோப்புகளை மட்டும்.

பழைய கோப்பை எந்த நிலையிலும் அழிக்கக் கூடாது. அதில் மின் கையொப்பம் இருந்தால் மாற்றத்தில் அது செல்லாததாகிவிடும், புதிய கோப்புக்கு அதைக் கொண்டுபோக வழியில்லை. நாளைக்குச் சரியான பாமினி கிடைத்தால் மறுபடி தொடங்க வேண்டியதும் அதிலிருந்துதான். அதன் பக்கத்திலேயே மாற்றப்பட்ட கோப்பும், கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பதிவுக் கோப்பும், வெராபிடிஎஃப்பின் arikkai.xml கோப்பும் இருக்கட்டும். கருவியின் எந்தப் பதிப்பு, எந்த விதித்தொகுப்பின்படி, என்றைக்குச் சோதித்தது என்பது அந்த அறிக்கையிலேயே பதிவாகிறது. விதிகளைப் புரிந்துகொள்வதில் உள்ள பிழைகள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுவதால், இன்று தேர்ச்சி பெற்ற கோப்பு சில ஆண்டு கழித்துப் புதிய பதிப்பில் தோல்வி காட்டினால், மாறியது கோப்பா கருவியா என்று அந்த அறிக்கையை வைத்துத்தான் சொல்ல முடியும்.